புத்தகத்தில் மட்டும் ஓடிய ஓசிலேட்டர்

நான் படித்த டெக்னிகல் கொலேஜில் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டாம் வருடம் முடித்துப் போகிறவர்கள் தங்களுடைய ப்ராக்டிகல் புத்தகங்களை அடுத்த பெட்ச்சுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கியவர்கள் அதை அப்படியே பார்த்து எழுதி, படிப்பிக்கிற சேரிடம் சிவப்பு மையில் சரி வாங்கி, தாங்களும் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் கைக்கு வந்த புத்தகத்தை எழுதியவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் யாரைப் பார்த்து எழுதினாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. ஓரிடத்தில் அம்புக்குறி ஒன்று தலைகீழாக இருக்கும். எல்லோருடைய புத்தகத்திலும் அது அதே இடத்தில் தலைகீழாகவே இருந்தது.

பதினோராவது ப்ராக்டிகல், ஃபேஸ் ஷிஃப்ட் ஓசிலேட்டர். ஒரு எம்ப்ளிஃபயர், அதன் வாலில் மூன்று கெபாசிட்டர், மூன்று ரெசிஸ்டர். எம்ப்ளிஃபயர் தனக்குள் வரும் அலையைத் தலைகீழாகப் புரட்டி வெளியே விடும். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டருமான மூன்று ஆர்-சி படிகளும் சேர்ந்து அதை மீண்டும் புரட்டி நேராக்கி உள்ளே கொண்டுவந்து தரும். அப்படி முழுதாக நேராகிற அதிர்வெண் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றில், வெளியிலிருந்து எதுவும் கொடுக்காமல், மின்சுற்று தன்னைத் தானே ஊட்டிக்கொண்டு ஓடத் தொடங்கும். ஆனால் அந்த மூன்று படிகளும் சும்மா புரட்டாது. இருபத்தொன்பது பங்கு கொடுத்தால் ஒரு பங்குதான் திரும்பி வரும். அதனால் எம்ப்ளிஃபயர் குறைந்தது இருபத்தொன்பது மடங்கு பெருக்கிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் ஓடாது.

புத்தகத்தில் எல்லாம் அழகாக இருந்தது. ரெசிஸ்டர் பத்து கிலோ ஓம், கெபாசிட்டர் பத்து நானோ ஃபெரட். ஒன்றை இரண்டு பை, ஆர், சி, ஆறின் வர்க்கமூலம் இவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் 650 ஹேர்ட்ஸ். 'கணித்த பெறுமானம் 650. அவதானித்த பெறுமானம் 650.' ஒரு ஹேர்ட்ஸ்கூடப் பிசகவில்லை. அதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு முந்தியவர்களைப் போல நானும் அழகாக அடிக்கோடு போட்டு எழுதினேன்.

எழுதியதோடு நின்றிருந்தால் தொல்லையே இல்லை. அந்த வருடம் கொலேஜுக்கு, அலையைத் திரையில் காட்டும் புதிய ஓசிலஸ்கோப் ஒன்று வந்தது. பழையது அலுமாரிக்குள் கேட்பாரற்றுக் கிடந்ததால்தான் யாரும் எதையும் கண்ணால் பார்க்காமலே அவதானித்துக்கொண்டிருந்தார்கள். புதியது வந்ததும், கடைசி ப்ராக்டிகல் பரீட்சைக்கு இந்தப் பதினோராவதைத்தான் போடப்போகிறோம், கட்டிக் காட்ட வேண்டும் என்று சேர் அறிவித்தார். மூன்று வாரம் தவணை. கணித்ததற்கும் அவதானித்ததற்கும் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபெயில், மறுபடி ஆறு மாதம் கழித்துத்தான்.

மற்றவர்களுக்கு ஆறு மாதம் என்பது ஆறு மாதம். எனக்கு அது அப்படியில்லை. நாங்கள் இருந்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி இறப்பரும் பாதித் தேயிலையுமான ஒரு தோட்டத்தில். வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு வேலை வயது முடிந்து தோட்டப் பேரேட்டில் பேர் வெட்டிவிட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு வராவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை, எங்கள் காம்பிராவை, காலி செய்யச் சொல்வார்கள் என்ற பேச்சு லயத்தில் எப்போதும் உண்டு. ப்ராக்டிகல் பாஸானால் அன்றைக்கே கொலேஜிலிருந்து ட்ரெய்னிங் கடிதம் கிடைக்கும். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலேயே மின் பகுதியில் ஒரு இடம் இருந்தது. கடிதத்தோடு போனால் அதுவே பேர் பதிந்ததாகிவிடும். இல்லையென்றால் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"தோட்டத்துக் கணக்கப்புள்ள இன்னிக்கும் கேட்டாரு, புள்ள," என்றார் அம்மா. "மூணு வாரங் கழிச்சி வர்ற திங்கக்கிழமையோட பேர் பதியுறது முடியுதாம். ஒன்னு கடுதாசி கொண்டாரச் சொல்றாரு, இல்லாட்டி ஆளக் கொண்டாரச் சொல்றாரு."

"அதுக்கு முந்தின வெள்ளிக்கெழமதாம்மா பரீட்ச. கடுதாசி வந்துரும்."

"வந்துருமா?"

"வந்துரும்னு சொல்றேன்ல."

அப்படிச் சொன்ன அன்று பிற்பகல்தான் முதல் தடவையாக அந்தச் சுற்றைக் கட்டி மின்சாரம் கொடுத்திருந்தேன். ஓசிலஸ்கோப் திரையில் ஒரு நேர்கோடு. அலை என்று சொல்ல ஒரு நெளிவுகூட இல்லை.

பரீட்சைக்கு இரண்டு இரண்டு பேராகச் சேர்த்திருந்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவன் வரக்காப்பொல பக்கத்து முஸ்லிம் பொடியன். அவனுடைய நானா, அதாவது அண்ணன், அங்கே டவுனில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தார். எங்கள் வகுப்பு முழுக்கச் சிங்களத்தில்தான் நடக்கும். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே என்பதால் எங்களைக் கடைசி மேசையில் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாத ஆள், அவ்வளவுதான். எனக்கு எரிச்சல் வருகிற வேகத்தில் அவனுக்குக் கொட்டாவி வரும்.

முதல் வாரம் முழுக்க நான் சாமான்களைத் திட்டினேன். எம்ப்ளிஃபயர் ஐசி செத்துப்போயிருக்கும் என்று மாற்றினேன். ப்ரெட்போர்டின் ஓட்டைகள் தளர்ந்திருக்கும் என்று வேறு போர்டில் கட்டினேன். பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், வயர்களைச் சந்தேகப்பட்டேன், பக்கத்து மேசைக்காரன் நல்ல ஐசியை எடுத்துவிட்டுப் பழுதானதை வைத்துவிட்டான் என்று அவனோடு சண்டைக்கும் போனேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். எத்தனை மாற்றினாலும் திரையில் அதே நேர்கோடு.

"எல்லா மேசையிலயும் அப்பிடித்தான் இரிக்கு," என்றான் என் ஜோடி. "யாருக்கும் ஓடல்ல."

"யாருக்கும் ஓடலன்னா பரீட்சைக்கு என்ன செய்வாங்க?"

"650னு எழுதுவாங்க." இதையும் கேட்கிறாயா என்பதுபோல் என்னைப் பார்த்தான். "சேர் புத்தகத்தத்தானே பார்க்கிறார். பத்து மேசைக்கு ஒரு ஓசிலஸ்கோப். ஒவ்வொன்னா கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்க அவருக்கு நேரம் எங்க? நீங்க சும்மா மண்டையப் போட்டு ஒடச்சிக்கிறீங்க."

ஒருவேளை அவன் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் சேர் பார்த்துவிட்டால்? மற்றவர்கள் ஆறு மாதம் பொறுப்பார்கள். நான் திங்கட்கிழமை கொழுந்துக் கூடையோடு நிற்க வேண்டும். தவிரவும் எனக்கு உள்ளுக்குள் ஒரு வெறி பிடித்துவிட்டது. இத்தனை வருடமாக எல்லோரும் ஓடியது என்று எழுதிய ஒன்று என் கையில் மட்டும் ஓடமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை பகல் நல்ல மழை. காம்பிராவின் தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சுக் கேட்காது, அதனால் அம்மாவும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். பார்த்து எழுதாமல், முதல் தடவையாக வாசித்தேன்.

ஒரு கேள்வி இடித்தது. ஏன் இருபத்தொன்பது? மூன்று படியும் சேர்ந்து 180 பாகை புரட்ட வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் அறுபது. ஒரு தனிப் படி அறுபது பாகை புரட்டும்போது அலையைப் பாதியாக்கும். பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டு மடங்கு பெருக்கினால் போதுமே? ஆனால் புத்தகம் இருபத்தொன்பது என்கிறது. அதைச் சேரும் சொல்லியிருக்கிறார், பெரிய பாடப் புத்தகமும் சொல்கிறது. அப்படியென்றால் படிகள் தனித்தனியாக இல்லை. இரண்டாவது படி முதலாவதிடமிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது, மூன்றாவது இரண்டாவதிடமிருந்து உறிஞ்சுகிறது. ஒருவர் தலையில் ஒருவர் ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் எட்டு இருபத்தொன்பதாகிறது. அறுபது, அறுபது, அறுபது என்று சமமாகப் பிரிவதும் இல்லை, மொத்தம்தான் 180.

சரி, உறிஞ்சுவது இவ்வளவு முக்கியம் என்றால், கடைசிப் படியிலிருந்து யார் உறிஞ்சுகிறார்கள்? படத்தைப் பார்த்தேன். மூன்று கெபாசிட்டர். மூன்று ரெசிஸ்டர், மூன்றும் நிலத்துக்கு, அதாவது பூச்சிய வோல்ட்டுக்கு. அதற்குப் பிறகு எம்ப்ளிஃபயரின் வாசலில் இன்னொரு பத்து கிலோ ஓம். நாலாவது ரெசிஸ்டர்.

எம்ப்ளிஃபயர் ஐசியான ஒப்-அம்ப்பின் அந்த வாசல் எப்போதும் நிலத்தின் மட்டத்திலேயே நிற்கும், அதை முதல் வருடத்திலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் வாசலில் இருக்கும் ரெசிஸ்டரும் நிலத்துக்குப் போனதற்குச் சமம். மூன்றாவது படியின் ரெசிஸ்டர் அதுவேதான். பெரிய புத்தகத்தில் அதற்குத் தனியாக இன்னொன்று இல்லை. எங்கள் ப்ராக்டிகல் புத்தகத்தில் யாரோ ஒரு மகராசன், எந்தக் காலத்திலோ, படம் அழகாக வரட்டும் என்று மூன்றாவது படிக்கும் ஒன்றை நிலத்துக்கு வரைந்துவிட்டு, வாசலிலும் ஒன்றைப் போட்டிருக்கிறான். இரண்டு பத்தும் சமாந்தரமாகப் பக்கத்தில் பக்கத்தில், ஆக ஐந்து கிலோ ஓம். அன்றிலிருந்து எல்லோரும் அதையே வரைந்திருக்கிறார்கள்.

கடைசிப் படிக்கு ஐந்தைப் போட்டுச் சமன்பாட்டை முதலிலிருந்து எழுதினேன். இரண்டு தடவை பிழைத்தது. மூன்றாவது தடவை விடை வந்தது: முப்பத்தொன்பதரை. நாங்கள் கட்டிவைத்த சுற்றுக்கு நாற்பது மடங்கு தேவை, கொடுத்துக்கொண்டிருந்ததோ இருபத்தொன்பது. சாகும்வரை மின்சாரம் கொடுத்தாலும் அது ஓடியிருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்கள். எங்கள் ஏட்டில் இருந்தது சுரைக்காய்கூட இல்லை.

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், எனக்கு உட்காரப் பொறுமை இருக்கவில்லை. லேபில் நுழைந்ததும் அந்த அதிகப்படி ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்தேன். மின்சாரம் கொடுத்தேன். நேர்கோடு.

அழுகை வந்துவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஒரு கணம் திரையில் ஏதோ நெளிந்து, சிறுத்து, மறுபடி நேர்கோடானது. என் ஜோடிதான் அதைக் கவனித்தான்.

"இப்ப என்னமோ வந்திச்சி. வந்து செத்துப்போச்சி."

மறுபடி தட்டினேன். மறுபடி நெளிந்தது, மெல்ல மெல்லச் செத்தது. முன்பு தட்டினால் எதுவுமே வந்ததில்லை. இப்போது ஓட விரும்புகிறது, ஆனால் மூச்சு பற்றவில்லை. பெருக்கத்துக்கு நாங்கள் போட்டிருந்தது 270 கிலோ ஓமும் 22 கிலோ ஓமும் தொடராக, மொத்தம் 292. வாசலில் இருக்கும் பத்தால் வகுத்தால் 29.2, புத்தகப்படி போதும். ஆனால் பெட்டியில் இருக்கும் ரெசிஸ்டர் எல்லாம் ஐந்து வீதம் கூடக் குறைய இருக்கும். சொன்ன கணக்குக்கு ஒரு நூல் குறைந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான் போகும். 22ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், திருப்பித் திருப்பிக் கூட்டிக் குறைக்கக்கூடிய 100 கிலோ ஓம் ப்ரீசெட் ஒன்றைப் போட்டு, ஸ்க்ரூட்ரைவரால் மெதுவாகத் திருப்பினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கோட்டில் ஒரு நடுக்கம் வந்தது. அது வீங்கியது. வீங்கி வீங்கி, உருண்டையான, மழமழவென்ற அலையாகித் திரையை நிறைத்து நின்றது. தட்டாமல், தொடாமல், தானாக ஓடியது. இன்னும் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையானது, பின்னால் திருப்பினால் சுருங்கிச் செத்தது. இரண்டுக்கும் நடுவே இருபத்தொன்பதுக்குச் சற்று மேலே விட்டுவைத்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் பிறகு ட்ரெய்னிங் கடிதம் வந்தபோதுகூட வரவில்லை.

"ஹரி, ஓடுது," என்றான் ஜோடி, சரி என்பதைச் சிங்களத்தில். அவனுக்குக் கொட்டாவி வரவில்லை. "எத்தன ஹேர்ட்ஸ்?"

612.

அறுநூற்றைம்பதுக்குக் கீழே ஐந்து வீதம் என்றால் 617.5 வரை போகலாம். ஐந்தரை ஹேர்ட்ஸ் குறைகிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்றால் இதுதான். கெபாசிட்டரைத் திருப்பிப் பார்த்தேன், 103 என்று அச்சிட்டிருந்தது, பத்து நானோ என்றுதான் அர்த்தம். ஆனால் அச்சிட்டவன் பத்து வீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தான். லேபில் இருந்த மீற்றரால் கெபாசிட்டர் அளக்க முடியாது. ஜோடி மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் நானாவின் கடையில் அளந்து வந்தான். 10.5, 10.6, 10.7. சராசரியைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் 613. எங்கள் சுற்று ஒரு ஹேர்ட்ஸ்கூடப் பொய் சொல்லவில்லை.

"வேற கெபாசிட்டர் கேப்போம்," என்றேன்.

"பெட்டியில வேற இல்ல. எல்லாம் ஒரே ரோல்."

அதனால் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். அச்சிட்ட பெறுமானத்தில் 650, அளந்த பெறுமானத்தில் 613, அவதானித்தது 612. நாலாவது ரெசிஸ்டர் ஏன் கூடாது என்றும், அது இருந்தால் எத்தனை மடங்கு வேண்டும் என்றும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். சிங்களத்தில் எழுதியதால் ஜோடியிடம் கொடுத்து எழுத்துப் பிழை திருத்தி வாங்கினேன். அளந்த பெறுமானத்தோடு ஒப்பிட்டால் நாங்கள் அரை வீதத்துக்குள் இருக்கிறோம், எந்தச் சேரும் இதை ஃபெயில் போட முடியாது என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓசிலஸ்கோப் யாருக்கு வேண்டும் என்று சேர் கேட்டபோது கை தூக்கியது நான் ஒருத்திதான். மற்ற ஒன்பது மேசையும் சுவரையும் கூரையையும் பார்த்தன. அதைத் தூக்கிவந்து எங்கள் மேசையில் வைத்துக்கொண்டோம். சேர் முதல் மேசையிலிருந்து வந்தார். போர்டைப் பார்த்தார், வயர்கள் இருந்தன. புத்தகத்தைப் பார்த்தார், 650 இருந்தது. சரி போட்டார், கொழும்புக்கு அனுப்புகிற பரீட்சைப் படிவத்தில் எழுதினார், கையெழுத்து வாங்கினார். ஒன்பது மேசைக்கும் இதேதான். அந்த ஒன்பதில் ஒன்றுகூட ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் அவர்களில் இரண்டு பேரிடம் அந்த ரெசிஸ்டரைக் கழற்றுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தேன். புத்தகத்தில் இருக்கிறதே என்றார்கள்.

எங்கள் மேசைக்கு வந்ததும் சேர் முதலில் பார்த்தது புத்தகத்தைத்தான். முகம் சுருங்கியது.

"612? வெரதியி, துவ," என்றார். பிழை, மகள் என்று அர்த்தம். 617க்குக் கீழே போனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஆறு மாதம் கழித்து வரலாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே மூடப் போனார்.

இந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ஒன்பது மேசையிலும் பூட்டிப் பாருங்கள் சேர் என்று வாய் வரை வந்தது. ஜோடி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். "சும்மா இரிங்க," என்றான் பல்லுக்குள். பதினெட்டுப் பேர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எனக்கு இரண்டு வருடமும் மதியச் சோற்றில் பங்கு கொடுத்தவள். அந்த வார்த்தையை நான் விழுங்கினேன். அதற்குப் பதிலாகத் திரையைக் காட்டினேன்.

"சேர், ஓடுது பாருங்க," என்றேன், எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில்.

அவர் அப்போதுதான் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ப்ரீசெட்டைத் தானே திருப்பினார். அலை சுருங்கிச் செத்தது. மறுபக்கம் திருப்பினார், மறுபடி முளைத்து வீங்கியது. மூன்று தடவை அப்படிச் செய்தார். புத்தகத்தைத் திறந்து நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். நாலாவது ரெசிஸ்டர் இருந்த இடத்தைப் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார்.

தான் படித்த காலத்தில் இது ஓடியதேயில்லை என்று மெல்லச் சொன்னார். தனக்குப் படிப்பித்த சேருக்கும் ஓடியதில்லையாம். ஓசிலஸ்கோப் பழையது, அதனால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்களாம். அந்தப் படம் தன் புத்தகத்திலிருந்து வந்ததா, தனக்கு முந்தியவர்களிடமிருந்து வந்ததா என்று தனக்கே ஞாபகம் இல்லை என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் கொஞ்சம் ஆறியது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது, பாஸ்தான் என்று நினைத்தேன்.

பாஸ்தான். அவர் படிவத்தை எடுத்தார். கணித்த பெறுமானம் என்ற கட்டத்தில் 650 என்று எழுதினார். அவதானித்த பெறுமானம் என்ற கட்டத்திலும் 650 என்று எழுதினார்.

"சேர், 612," என்றேன்.

612 என்று எழுதினால் படிவம் கொழும்பிலிருந்து திரும்பி வரும் என்றார். ஒரே பெட்டிச் சாமானில் ஒன்பது மேசைக்கு 650, உனக்கு மட்டும் எப்படி 612 என்று கேட்பார்கள். உன்னை ஃபெயில் போடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எல்லோரையும் விசாரிப்பார்கள். உன் நன்மைக்குத்தான் செய்கிறேன் என்றார். அதில் பொய் இல்லை. என் நன்மைக்குத்தான் செய்தார்.

"அப்ப பத்து நிமிஷம் குடுங்க சேர். ஒவ்வொரு பத்து கிலோ ஓமுக்கும் பக்கத்துல ஒரு நூத்தம்பது கிலோ ஓம் போட்டா 650க்கு வந்துரும். உண்மையாவே வந்துரும்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கோபப்படாமல், உண்மையிலேயே விளங்காமல், "எதற்கு?" என்று கேட்டார். "அதுதான் எழுதியாகிவிட்டதே."

படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். ஜோடி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் பெயருக்குக் கீழே என் கட்டம் வெறுமையாக இருந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஓசிலஸ்கோப்பை யாரும் நிறுத்தவில்லை, திரையின் மூலையில் 612 எரிந்துகொண்டிருந்தது, சேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

நான் பேனாவை வாங்கி, 650க்கு நேரே என் கையெழுத்தைப் போட்டேன்.